ராத்தா சொன்ன சயக் குறி

கணிதத்தில் கூட்டலைச் 'சக' என்றும் கழித்தலைச் 'சய' என்றும் சொல்லித்தான் நாங்கள் படிக்கிறோம். இரண்டு சொற்களுக்கும் ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். அந்த ஓர் எழுத்தை நான் ஒருநாள் வேண்டுமென்றே மாற்றி எழுதினேன். உதவி செய்வதாகத்தான் நினைத்தேன். அது உதவியல்ல என்பதை விளங்கிக்கொள்ள எனக்கு ஒரு முழுத் தவணை தேவைப்பட்டது.

அப்போது நான் பத்தாம் தரத்தில் இருந்தேன். என் பெரியம்மாவின் மகள், நாங்கள் ராத்தா என்று கூப்பிடுபவள், அதே பாடசாலையில் பதினோராம் தரத்தில் படித்தாள். பிறப்பிலிருந்தே அவளுடைய இரு கைகளின் தசைகளும் இறுக்கமானவை. பேச்சு கொஞ்சம் மெதுவாக வரும். ஆனால் தெளிவாக வரும். பேனாவைப் பிடிக்க அவளால் முடியும். எழுதவும் முடியும். ஆனால் இருபது நிமிடம் எழுதினால் விரல்கள் மடங்கிப்போய் விரிய மறுத்துவிடும். அதுவரை எல்லாத் தவணைப் பரீட்சைகளிலும் முதல் ஒன்றரைப் பக்கம் மட்டும் எழுதிவிட்டு, மீதி நேரம் தெரிந்த விடைகளை மனதில் சொல்லிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பாள். புள்ளி அறிக்கையைப் பார்ப்பவர்கள் அவளுக்குப் படிப்பு ஏறவில்லை என்றே நினைத்தார்கள்.

சாதாரண தரப் பரீட்சை நெருங்கும் வருடத்தில், அவளுடைய வகுப்பாசிரியை ஒரு சிறிய சோதனை செய்து பார்த்தார். வரலாற்றுப் புத்தகத்தில் ஒரு பக்கத்தைக் கொடுத்து, பத்து நிமிடம் பார்த்து எழுதச் சொன்னார். வகுப்பிலுள்ள மற்றப் பிள்ளைகள் ஏறக்குறைய 120 சொற்கள் எழுதினார்கள். ராத்தா எழுதியது 35 சொற்கள். பிறகு அவள் வாயால் சொல்ல, பக்கத்திலிருந்த ஒருவர் எழுதினார். அப்போது 80 சொற்கள் வந்தன. டீச்சர் இந்த மூன்று எண்களையும் ஒரு தாளில் எழுதி, திகதியிட்டு, அதிபரிடம் கொடுத்தார். அந்தத் தாள் பின்னர் எவ்வளவு பெறுமதியானதாக மாறும் என்று அன்று யாருக்கும் தெரியாது.

அந்த எண்களை வைத்துத்தான் இரண்டு முடிவுகள் எடுக்கப்பட்டன. முதலாவது, ராத்தாவுக்கு விடைகளை எழுதிக் கொடுக்க ஒருவர் வேண்டும். இரண்டாவது, அவர் இருந்தாலும் கூடுதல் நேரமும் வேண்டும். இரண்டாவது முடிவைப் பலர் விளங்கிக்கொள்ளவில்லை. "எழுதுறதுக்கு ஆள் குடுத்தாச்சு, பிறகு எதுக்கு நேரம்?" என்று கேட்டார்கள். விடை அந்தச் சோதனையிலேயே இருந்தது. 120 எங்கே, 80 எங்கே? தானே எழுதும் பிள்ளை அடுத்த வசனத்தை யோசித்துக்கொண்டே இந்த வசனத்தை எழுதுகிறாள். வாயால் சொல்பவளோ யோசிக்க வேண்டும், சொல்ல வேண்டும், மற்றவர் எழுதி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும், சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்க்கவும் வேண்டும்.

ஆனால் எவ்வளவு நேரம் கொடுப்பது? பரீட்சை நேரம் முழுவதும் எழுதுவதிலேயே போவதில்லை. வாசிப்பதற்கும் யோசிப்பதற்கும் ராத்தாவுக்கு மற்றவர்களைவிட அதிக நேரம் எடுப்பதில்லை. எழுதும் பங்குக்கு மட்டுமே ஈடு செய்ய வேண்டும் என்று டீச்சர் கணக்குப் பார்த்தார். இந்தியாவின் வழிகாட்டல்களில் மணித்தியாலத்துக்கு 20 நிமிடம் என்றும், இங்கிலாந்துப் பரீட்சைகளில் பொதுவாக 25 சதவீதம் வரை என்றும் இருப்பதையும் அவர் தேடிப் பார்த்திருந்தார். எங்கள் தவணைப் பரீட்சைக்கு மணித்தியாலத்துக்கு 15 நிமிடம் என்று தீர்மானமாயிற்று. மூன்று மணித்தியால வினாத்தாள் என்றால் 45 நிமிடம் கூடும். கை இறுகி அவள் ஓய்வெடுக்கும் நிமிடங்கள் இதில் சேராது. அவற்றைத் தனியாகக் குறித்து வைக்க வேண்டும்.

எழுதிக் கொடுக்க என்னைத் தெரிவு செய்ததற்குக் காரணம், நான் சொந்தக்காரி என்பதல்ல. சொந்தம் என்பதால் முதலில் தயங்கினார்கள்கூட. என் எழுத்து வாசிக்கக்கூடியதாக இருந்தது. நான் ஒரு தரம் கீழே படிப்பவள். எழுதுபவருக்கு அந்தப் பாடம் பரீட்சார்த்தியைவிட அதிகமாகத் தெரிந்திருக்கக் கூடாது என்பதே இதில் உள்ள எண்ணம். ஆனால் பத்தாம் தரப் பிள்ளைக்கும் சில விடயங்கள் தெரியும். பிரச்சினை அங்கேதான் தொடங்கியது.

இரண்டாம் தவணையின் முதல் நாள், எங்களை மண்டபத்தின் பின் மூலையில் உட்கார வைத்தார்கள். ராத்தா எவ்வளவு மெதுவாகச் சொன்னாலும் முன் வரிசைக்குக் கேட்டது. பல்தேர்வு வினாக்களில் "பதினாலாவதுக்கு மூன்று" என்று அவள் சொன்னதும், முன்னால் இருந்த ஒரு பிள்ளையின் தலை சற்றுத் திரும்பியதை நானே கண்டேன். கேட்டுவிடுமே என்று ராத்தா இன்னும் தாழ்ந்த குரலில் சொன்னாள், நான் "என்ன?" என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். நேரம் போய்க்கொண்டே இருந்தது. மறுநாள் ஒரு தாய் வந்து முறைப்பாடு செய்தார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அன்றிலிருந்து எங்களுக்கு நூலகத்துக்குப் பக்கத்திலிருந்த சிறிய அறை. தனி அறை என்பது வசதிக்காகக் கொடுப்பதல்ல. வாயால் சொல்லப்படும் விடை மற்றவர்களின் காதில் விழக்கூடாது என்பதற்காகவும், சொல்பவள் பயமில்லாமல் வாய் திறந்து சொல்ல வேண்டும் என்பதற்காகவும்தான் அது.

மூன்றாம் நாள் கணிதம், இரண்டாம் வினாத்தாள். ஒரு சமன்பாட்டைத் தீர்க்கும்படி கேட்டிருந்தார்கள்.

10 - 3(x - 2) = 1

ராத்தா சொன்னாள்: "பத்து சய மூன்று எக்ஸ் சய ஆறு சமன் ஒன்று."

என் பேனா நின்றுவிட்டது. அடைப்பை நீக்கும்போது சய மூன்றையும் சய இரண்டையும் பெருக்கினால் சக ஆறு வரும். அது நான் படித்த கணக்கு. மேற்பார்வை ஆசிரியை யன்னலோரத்தில் இருந்தார். ராத்தா தாளைப் பார்க்கவில்லை. அடுத்த படியை யோசித்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள். நான் எழுதினேன்:

10 - 3x + 6 = 1

அவளுடைய மனதில் இருந்தது சய ஆறு. ஆகவே அவள் தொடர்ந்து, "நான்கு சய மூன்று எக்ஸ் சமன் ஒன்று" என்றாள். இப்போது நான் என்ன செய்வது? பதினாறு என்று எழுதவா? எனக்குத் துணிவு வரவில்லை. அவள் சொன்னபடியே 4 - 3x = 1 என்று எழுதினேன். இறுதியில் x = 1 என்று வந்தது. சரியான விடை 5.

தாள் திருத்தி வந்த நாளில் கணித டீச்சர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். முதல் வரியில் சக ஆறு இருக்கும்போது அடுத்த வரியில் நான்கு எப்படி வந்தது என்று கேட்டார். பத்தும் ஆறும் நான்காகாது. அந்த இரண்டு வரிகளையும் ஒரே ஆள் யோசித்திருக்க முடியாது என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. எழுதுபவர் கை வைத்தால் இப்படித்தான் பிடிபடும். ஒரு வரி திடீரெனச் சரியாக இருக்கும். அதற்கு அடுத்த வரி அதிலிருந்து பிறந்ததாக இருக்காது.

டீச்சர் புள்ளிகளையும் விளக்கினார். ராத்தா சொன்னபடியே எழுதியிருந்தால், அடைப்பை நீக்கிய வரிக்குப் புள்ளி கிடைத்திராது. ஆனால் அந்தப் பிழையிலிருந்து அடுத்த படியை ஒழுங்காகச் செய்ததற்கு ஒரு புள்ளி கொடுத்திருப்பார். நான் மாற்றியதால், முதல் வரிக்கு ஒரு புள்ளி விழுந்தது. அடுத்த படி அதனோடு பொருந்தாததால் அதற்குப் புள்ளி இல்லை. கூட்டிப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். ஆனால் கிடைத்த புள்ளி அவளுடையதல்ல. அவளுக்குச் சேர வேண்டிய புள்ளி போய்விட்டது.

வெளியே வந்ததும் ராத்தா என்னை நிறுத்தினாள்.

"நான் சய ஆறு எண்டுதானே சொன்னேன்? ஏன் மாத்தின?"

"பிழையெண்டு தெரிஞ்சுது ராத்தா…"

"பிழையெண்டா என்ட பிழை. சரியெண்டா என்ட சரி. நீ என்ட கை மட்டும்தான் தங்கச்சி. இனிமேல் நான் எவ்வளவு எடுத்தாலும் தங்கச்சி எழுதிக் குடுத்தது எண்டுதான் சொல்லுவாங்க."

அவள் அழவில்லை, கோபத்தில் பேச்சு இன்னும் மெதுவாக வந்தது. பதினொரு வருடமாகத் தனக்குத் தெரியும் என்று நிரூபிக்க முடியாமல் இருந்தவளுக்கு, முதன்முறையாகக் கிடைத்த தாளையும் நான் சந்தேகத்துக்குரியதாக ஆக்கிவிட்டேன். வாப்பா கேள்விப்பட்டு ஒரு சொல்தான் சொன்னார்: "அது அமானிதம் மகள்." ஒருவர் நம்பித் தந்த பொருளை அழகுபடுத்திக் கொடுக்கவும் நமக்கு உரிமையில்லை.

அடுத்த மூன்று மாதமும் சனிக்கிழமை காலையில் பெரியம்மா வீட்டில் பழகினோம். கணிதத்தில்தான் அதிகம் தடுமாறினோம். "எக்ஸ் சக மூன்று கீழ் ஐந்து" என்று ராத்தா சொல்வாள். ஐந்து எதற்குக் கீழே? முழுவதற்குமா, மூன்றுக்கு மட்டுமா? (x + 3)/5 என்பதும் x + 3/5 என்பதும் வேறு வேறு. நான் ஊகித்து எழுதினால் மறுபடியும் அது என் கணக்காகிவிடும். ஆகவே சில சொற்களை எங்களுக்குள் முடிவு செய்தோம். பின்னம் வந்தால் முதலில் "பின்னம்" என்பாள். பிறகு "தொகுதி" என்று சொல்லி மேலிருப்பதைச் சொல்வாள். "பகுதி" என்று சொல்லிக் கீழிருப்பதைச் சொல்வாள். கடைசியில் "பின்னம் முடிந்தது". அடைப்புக்கு "திற", "மூடு". கேத்திரகணித அமைப்பு என்றால், எந்தப் புள்ளியில் கவராயத்தின் முனையை வைப்பது, எத்தனை சென்ரிமீற்றர் விரிப்பது, எந்தப் பக்கம் வில் வரைவது என்பதெல்லாம் அவள் வாயிலிருந்தே வர வேண்டும். அவள் சொல்லாத ஒரு வில்லையும் நான் வரையக் கூடாது.

தமிழ்ப் பாடத்தில் எதிர்பாராத ஒரு சிக்கல் வந்தது. எங்கள் பேச்சில் ழகரமும் ளகரமும் ஒன்றாகவே கேட்கும். 'மழை' என்றாலும் காதில் 'மளை' என்றுதான் விழும். ராத்தாவுக்கு எழுத்து தெரியும். ஆனால் அவள் குரலில் அந்த அறிவு தெரியாது. நான் சரியாக எழுதினால் எழுத்துப் பிழையற்ற தாள் என்ற பெயர் எனக்குரியது. நான் பிழையாக எழுதினால் தண்டனை அவளுக்கு. அதனால் சந்தேகம் வரக்கூடிய சொற்களில் அவள் எழுத்தையும் சேர்த்துச் சொல்லப் பழகினாள்: "மழைக்கு வாற ழ", "பள்ளிக்கு வாற ள", "கல்லுக்கு வாற ல". ஒரு பந்தியில் இப்படி ஏழெட்டு இடங்கள் வரும். கூடுதல் நேரம் எங்கே போகிறது என்று கேட்பவர்கள் அந்தப் பந்தி எழுதப்படுவதை ஒருமுறை பார்த்தால் போதும்.

நான் பழக வேண்டியதோ என் முகத்தையும் பேனாவையும். ராத்தா பிழையாக ஒன்றைச் சொன்னதும் என் பேனா ஒரு கணம் தயங்கும். அந்தத் தயக்கமே அவளுக்கு ஒரு செய்தி. "என்ன, பிழையா?" என்று யோசித்துத் திருத்திவிடுவாள். வாயால் சொல்லிக் கொடுக்காமலேயே சொல்லிக் கொடுத்ததாகிவிடும். ஆகவே எல்லாவற்றையும் ஒரே வேகத்தில் எழுதப் பழகினேன். எழுதியதை அவள் கேட்டால் மட்டும் திரும்ப வாசிப்பேன். வாசிக்கும்போது எந்தச் சொல்லிலும் குரலை உயர்த்தமாட்டேன். காதில் விழாவிட்டால் "திரும்பச் சொல்லுங்க" என்பேன். "நிச்சயமா?" என்று மட்டும் ஒருபோதும் கேட்கமாட்டேன்.

மூன்றாம் தவணையில் தனி அறையின் குறைகளும் தெரிய வந்தன. விஞ்ஞான வினாத்தாளில் ஓர் அச்சுப் பிழை இருந்தது. மண்டபத்தில் அதை எல்லோருக்கும் அறிவித்தார்கள். எங்கள் அறைக்கு யாரும் வரவில்லை. விடையே வராத ஒரு கணக்கில் ராத்தா பன்னிரண்டு நிமிடம் செலவழித்தாள். அந்த அறைக்கு மணியோசை கேட்காது. சுவரில் கடிகாரமும் இல்லை. இன்னொரு நாள் காலை வினாத்தாள் கூடுதல் நேரத்தோடு முடிந்தபோது, மண்டபத்தில் அடுத்த வினாத்தாள் தொடங்கிவிட்டிருந்தது. ராத்தாவுக்கு அதைப் பிந்தித் தொடங்க வேண்டும்; ஆனால் அதற்கிடையில் எழுதி முடித்த பிள்ளைகளை அவள் சந்திக்கக் கூடாது. அன்று நாங்கள் இருவரும் ஓர் ஆசிரியையின் முன்னிலையில் அந்த அறைக்குள்ளேயே சோற்றுப் பொதியை அவிழ்த்தோம். கூடுதல் நேரம் கொடுப்பதென்றால் இடைவேளை, சாப்பாடு, மலசலகூடம், லுஹர் தொழுகை எல்லாவற்றுக்கும் அந்த நாளையே மறுபடி வகுக்க வேண்டும். அதன் பிறகு பிரதி அதிபர் ஒரு கடிகாரம் மாட்டினார். மண்டபத்தில் எதை அறிவித்தாலும் அதை எழுதி அறைக்குக் கொண்டு வருவதற்கு ஒருவரையும் நியமித்தார்.

இதற்கிடையில் சாதாரண தரப் பரீட்சைக்கான வேலையும் நடந்தது. விசேட வசதிகளுக்கான கோரிக்கை, வைத்திய அறிக்கையோடு, அதிபர் ஊடாகப் பரீட்சைத் திணைக்களத்துக்குப் போக வேண்டும். பெரியப்பா முதலில் வாங்கி வந்த வைத்தியக் கடிதத்தில் நோயின் பெயரும், "தேவையான உதவிகளை வழங்கவும்" என்ற ஒரு வரியும் மட்டுமே இருந்தன. அனுப்புவதற்கு முன்பே பிரதி அதிபர் அதைத் திருப்பிக் கொடுத்தார். நோயின் பெயரை வைத்து ஒருவருக்கு எத்தனை நிமிடம் கூட்டுவது என்று யாராலும் சொல்ல முடியாது; ஒரே நோயுள்ள இருவரின் கைகள் இரண்டு விதமாக இருக்கலாம். எவ்வளவு நேரம் பேனா பிடிக்க முடியும், அதன் பின் என்ன நடக்கும், பேச்சு தெளிவா, பேசினால் களைப்பு வருமா, எந்தெந்த உதவி வேண்டும் என்று எழுதி வாங்கச் சொன்னார். இரண்டாவது கடிதம் அப்படி வந்தது. அதோடு வகுப்பாசிரியையின் அந்தப் பழைய தாளும் போயிற்று: 120, 35, 80. தவணைப் பரீட்சைகளில் அவள் இதே ஏற்பாட்டோடுதான் எழுதினாள் என்ற அதிபரின் கடிதமும் சேர்ந்தது. பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கும்போது யோசித்திருந்தால், காட்டுவதற்கு இவற்றில் ஒன்றும் எங்கள் கையில் இருந்திராது.

அனுமதி கிடைத்தது. ஆனால் பரீட்சையில் அவளுக்கு எழுதியவள் நானல்ல, அவளுக்கு முன்பின் தெரியாத ஒருவர். எனக்கு உள்ளூர ஒரு வருத்தம். ராத்தா மட்டும் சொன்னாள், "அதுதான் நல்லம். யாரும் ஒண்டும் சொல்ல ஏலாது." முதல் நாள் வினாத்தாள் வருவதற்கு முன்பே அவருக்குத் தன் சொற்களை விளக்கினாளாம்: திற, மூடு, தொகுதி, பகுதி, மழைக்கு வாற ழ. அவரும் சிரித்துக்கொண்டே ஒரு வெற்றுத் தாளில் எழுதிப் பார்த்தாராம். என்னோடு பழகிய சனிக்கிழமைகள், என்னைப் பழக்குவதற்காக மட்டுமல்ல என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. எந்தக் கை வந்தாலும் தன் விடையை அதில் இறக்கிவைக்க அவள் பழகியிருந்தாள்.

பெறுபேறு வந்தபோது கணிதத்தில் அவளுக்கு சி. வீட்டில் சிலருக்கு அது போதவில்லை. இன்னும் கொஞ்சம் எடுத்திருக்கலாம் என்றார்கள். ராத்தா தொலைபேசித் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

"பாரு தங்கச்சி. இது முழுக்க என்ட சி."

இப்போது நான் உயர்தரம் படிக்கிறேன். அடைப்புக்கு முன்னால் ஒரு சயக் குறியைக் காணும்போதெல்லாம் என் பேனா இன்றும் ஒரு கணம் நிற்கும். என் சொந்தத் தாளில் அது நிற்கலாம்.